போலி சென்ட்: படம் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

ஆன்லைனில் சென்ட் வாங்குபவர் அதை முகர்ந்து பார்க்க முடியாது. கையில் எடுத்து எடை பார்க்கவும் முடியாது. விற்பவர் அனுப்பும் நான்கைந்து படங்கள்தான் அவரிடம் இருக்கும் ஆதாரம். அந்தப் படங்களில் ஸ்ப்ரே, கண்ணாடியின் கனம், பேட்ச் எண், அட்டைப்பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள் என்று பல விவரங்கள் தெரிந்தாலும், எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. ஒரு விவரத்தைப் போலி செய்ய எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதுதான் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. கண்ணாடித்தாளைச் சுற்றச் சிறிய இயந்திரம் ஒன்று போதும். பேட்ச் எண்ணைக் கடையில் இருக்கும் அசல் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், செலவே இல்லை. ஆனால் கனமான அடிப்பாகம் கொண்ட கண்ணாடி பாட்டிலுக்குத் தனி அச்சு செய்ய வேண்டும், நல்ல உலை வேண்டும், மெதுவாகக் குளிரவைக்க வேண்டும். ஸ்ப்ரேயும் அப்படித்தான்: சின்னச் சின்ன பாகங்கள் பல சேர்ந்த துல்லியமான பொருள் அது. போலிக்காரர் காசை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

பொதுவாக வாங்குபவர்கள் பார்க்கும் வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் கண்ணாடித்தாள், பிறகு பேட்ச் எண், அதோடு திருப்தி. "சீல் பிரிக்காதது" என்ற ஒரு வார்த்தையிலேயே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. சீல் பிரிக்காத பெட்டி என்றால் ஸ்ப்ரேயையும் கண்ணாடியையும் படத்தில் காட்ட வேண்டியதில்லை என்பதும் போலிக்காரருக்குக் கிடைக்கும் வசதி.

ஸ்ப்ரேயும் குழாயும்

பெரும்பாலான சென்ட் பாட்டில்களில் ஸ்ப்ரே திருகி மாட்டப்படுவதில்லை. கண்ணாடிக் கழுத்தின் மேல் ஓர் அலுமினிய வளையத்தை வைத்து, இயந்திரம் அதைச் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் இறுக்கி மடக்கிவிடும். கழுத்தின் விட்டம் பல பாட்டில்களில் 15 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் இருக்கிறது. இப்படி மடக்கிய வளையத்தின் கீழ் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக, கழுத்தோடு ஒட்டி இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், வளையம் பாட்டிலின் தோளுக்கு இணையாக நிற்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். போலியில் வளையம் லேசாகச் சாய்ந்திருப்பதும், மடிப்பில் அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருப்பதும் சகஜம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது விரலால் அழுத்தும் பொத்தான். அதன் முன்பக்கத்தில் ஒரு சிறு வட்டம் பதிக்கப்பட்டிருக்கும். அந்த வட்டத்தின் நடுவில், குண்டூசி முனையைவிடப் பெரிதாக இல்லாத ஒரு துளை. திரவத்தை மெல்லிய தூவலாக உடைப்பது இந்த வட்டத்தின் பின்னால் இருக்கும் நுண்ணிய சுழல் பாதைகள்தான். அசலில் வட்டம் பொத்தானின் பரப்போடு சமமாக அமர்ந்து, துளை சரியாக நடுவில் இருக்கும். மலிவான ஸ்ப்ரேயில் வட்டம் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கும். அல்லது அச்சிலிருந்து எடுத்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பிசிறு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அசல் ஸ்ப்ரேயை ஒரு முறை அழுத்தினால் சுமார் 0.1 மில்லிலிட்டர் வெளியே வரும். 100 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ ஆயிரம் முறை அடிக்கலாம். படத்தில் இதை அளக்க முடியாது என்றாலும், விற்பவர் ஒரு சிறு வீடியோ அனுப்பினால் கண்டுகொள்ளலாம். நல்ல ஸ்ப்ரே மெல்லிய பனிமூட்டம்போல விரியும். மோசமானது துளித்துளியாகத் தெறிக்கும், இல்லையென்றால் நேர்க்கோட்டில் பீய்ச்சும்.

படத்தில் மிகத் தெளிவாகப் பேசக்கூடியது உள்ளே இறங்கும் குழாய். பல பெரிய நிறுவனங்கள் இதற்குத் திரவத்தில் நனைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு வகைக் குழாயைப் பயன்படுத்துகின்றன. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆல்கஹாலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.36. அந்தக் குழாய் செய்யப்படும் ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக்கின் எண் சுமார் 1.34. இரண்டும் மிக அருகில் இருப்பதால் ஒளி வளையாமல் கடந்துபோகிறது. குழாயின் ஓரங்கள் மறைந்துவிடுகின்றன. சாதாரண பாலித்தீன் குழாயின் எண் சுமார் 1.5, அது திரவத்துக்குள்ளும் பளிச்சென்று தெரியும். ஆகவே பாட்டிலின் பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்த படத்தில், திரவ மட்டத்துக்கு மேலே தெரியும் குழாய் அதற்குக் கீழே காணாமல் போனால் அது நல்ல அறிகுறி. பால்போல வெண்மையாக, தடிமனாக, அடிவரை தெரியும் குழாய் சந்தேகத்துக்குரியது. ஆனால் எல்லா நிறுவனமும், எல்லா சென்ட்டிலும் மறையும் குழாயைப் போடுவதில்லை. அதே சென்ட்டின் நிச்சயமான அசலில் எந்தக் குழாய் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குழாயின் நீளத்துக்கு இந்த விதிவிலக்கு அவ்வளவாக இல்லை. அசலில் அது பாட்டிலின் உயரத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டு, லேசாக வளைந்து, அடி மூலையைத் தொட்டு நிற்கும். கடைசித் துளிவரை உறிஞ்ச வேண்டும் அல்லவா. போலிக்காரர்கள் பல அளவு பாட்டில்களுக்கு ஒரே ஸ்ப்ரேயை மொத்தமாக வாங்குவதால், குழாய் நீண்டு அடியில் மடங்கிச் சுருண்டு கிடப்பதுண்டு. அல்லது பாதி தூரத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு.

கண்ணாடியின் கனம்

ஆடம்பர சென்ட் பாட்டில்களில் பெரும் பகுதி பிரான்ஸின் நார்மண்டி எல்லையில் ஓடும் ப்ரெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தயாராகிறது. கண்ணாடித் தொழில் அங்கே பல நூற்றாண்டுப் பழையது. அங்குள்ள போஷே நிறுவனம் 1623-இல் தொடங்கப்பட்டது. உருகிய கண்ணாடிக் கட்டி ஒன்று அச்சில் விழுந்து, முதல் அச்சில் பாதி வடிவமும் இரண்டாவது அச்சில் முழு வடிவமும் பெறுகிறது. சுவர் எங்கும் சீரான தடிமனும், அடியில் வேண்டுமென்றே விடப்பட்ட கனத்த கண்ணாடியும் வருவது கட்டியின் எடை, வெப்பம், அச்சின் நேரம் மூன்றும் ஒத்துப்போகும்போதுதான். தடித்த அடிப்பாகம் அவசரமாகக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி, பிறகு தானாக விரிசல் விடும். அதனால் நல்ல தொழிற்சாலை அதை நீண்ட சூளையில் நகர்த்தி மெதுவாக ஆறவைக்கும். மலிவான தொழிற்சாலைக்கு இந்த நேரம் கட்டுப்படியாகாது.

படத்தில் முதலில் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டிலின் வெளித்தரைக்கும் உள்தரைக்கும் நடுவே இருக்கும் கண்ணாடிப் பட்டை இடமும் வலமும் ஒரே உயரமாக இருக்கிறதா? உள்தரையின் கோடு நேராகவோ சீரான வளைவாகவோ போகிறதா? போலியில் உள்தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். சில நேரம் திரவம் நிற்கும் அறையே பாட்டிலின் நடுவை விட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கும். கண்ணாடிக்குள் கடுகளவு காற்றுக்குமிழிகள், பரப்பில் தண்ணீர் அலைபோன்ற நெளிவு ஆகியவையும் கவனிக்கத்தக்கவை.

பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தாலே போலி என்பது மட்டும் தவறு. அச்சில் வார்க்கும் பாட்டில் எதற்கும், அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கோடு வரும். நல்ல தொழிற்சாலை அதை மூலையில் மறைக்கும். தீயால் மெருகேற்றி மங்கச் செய்யும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்து, பரப்பின் நடுவே ஓடும் கோடுதான் கெட்ட அறிகுறி.

கண்ணாடியின் கனத்தைப் படத்தில் அளப்பதில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. நிறைய திரவம் உள்ள வட்ட பாட்டில் ஒரு பூதக்கண்ணாடியாகிவிடும். உள்ளே இருக்கும் திரவம் வெளிச்சுவர்வரை பரவியதுபோலத் தோன்றும், சுவர்க் கண்ணாடி இல்லவே இல்லாததுபோல இருக்கும். இதைப் பார்த்து "கண்ணாடி மெல்லிசு, போலி" என்று சொல்பவர்கள் நிறைய. சுவரின் தடிமனைத் திரவ மட்டத்துக்கு மேலே, காற்று நிற்கும் பகுதியில்தான் பார்க்க வேண்டும். அங்கே இந்தப் பெருக்கம் இருக்காது. கேமராவும் ஏமாற்றும். செல்போனை பாட்டிலுக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் நடு வீங்கும், அடி சுருங்கும். அரை மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பாட்டிலின் நடு உயரத்துக்கு நேராக எடுத்த படமே ஒப்பிடத் தகுந்தது. பாட்டிலுக்குப் பின்னால் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் ஒன்றை வைத்து எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சீரான கண்ணாடியில் கட்டங்கள் வளைந்தாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி வளையும். மோசமான கண்ணாடியில் அங்கங்கே நெளியும்.

படத்தில் தெரியாத கனத்தை எடை மெஷினில் தெரிய வைக்கலாம். சமையலறை எடை மெஷின்மேல் பாட்டிலை வைத்து எடுத்த ஒரு படம் போதும். 100 மில்லி சென்ட் திரவம் மட்டும் சுமார் 80 முதல் 90 கிராம் இருக்கும், ஏனென்றால் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. மீதி எடை கண்ணாடி, ஸ்ப்ரே, மூடி ஆகியவற்றுடையது. அதே சென்ட்டின், அதே அளவு அசல் பாட்டிலின் எடையோடு ஒப்பிட்டால் பல பத்து கிராம் குறைவு என்பது கண்ணாடியில் கைவைத்ததன் அடையாளம்.

பேட்ச் எண் சொல்வதும் சொல்லாததும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 எண் கொண்ட அழகுசாதன விதிப்படி, பொருளின் பாட்டிலிலும் பெட்டியிலும் பேட்ச் எண் இருக்க வேண்டும். பாட்டில் மிகச் சிறியது என்றால் பெட்டியில் மட்டும் இருந்தால் போதும். எனவே சிறு மாதிரிக் குப்பியில் எண் இல்லை என்பது குற்றமல்ல. 100 மில்லி பாட்டிலில் இல்லை என்றால் கேள்வி எழுப்பத்தான் வேண்டும். பெட்டியின் எண்ணும் பாட்டிலின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்துவிட்டால் அசல் என்று ஆகாது. ஒரு எண்ணை இரண்டு இடத்தில் அச்சிடுவது பெரிய காரியமல்ல. எண்ணை உள்ளிட்டால் தயாரித்த மாதத்தைச் சொல்லும் இணையதளங்களும் எண்ணின் வடிவத்தை மட்டுமே படிக்கின்றன. அசல் பெட்டியிலிருந்து திருடிய எண்ணுக்கும் அவை சரியான தேதியைச் சொல்லும்.

எண் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பது இதைவிடப் பயனுள்ள செய்தி. சில நிறுவனங்கள் அட்டையில் மையில்லாமல் அழுத்திப் பதிக்கின்றன. சில லேசரால் பொறிக்கின்றன. சில மையால் அடிக்கின்றன. மையில்லாத அழுத்தம் நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அழுத்திப் பதித்திருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

பேட்ச் எண்ணின் உண்மையான பலம் அது மற்ற விவரங்களோடு மோதும்போது வெளிப்படும். டியோர் நிறுவனத்தின் சொவாஜ் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அதிகம் போலி செய்யப்படும் ஆண்கள் சென்ட்களில் அது ஒன்று. முதல் சொவாஜ் 2015-இல் வந்தது. அதன் அடர்த்தி கூடிய வடிவங்கள் 2018-இலும் 2019-இலும் வந்தன. எலிக்சிர் என்பது 2021-இல் வந்தது. டியோரின் பேட்ச் எண்ணில் நான்கு எழுத்துகள் இருக்கும்; முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து வரும் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிப்பது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே இலக்கம் திரும்பும்.

இப்போது ஒருவர் 60 மில்லி எலிக்சிர் ஒன்றைச் சீல் பிரிக்காமல் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கண்ணாடித்தாள் கச்சிதமாக இருக்கிறது, பெட்டியின் அச்சும் சுத்தம். அடியில் இருக்கும் எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்குகிறது. 9 என்றால் 2019 அல்லது 2029. 2019-இல் எலிக்சிர் என்று ஒன்று கடையில் இல்லை. 2029 இன்னும் வரவில்லை. வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே சரக்கு தயாராவது வழக்கம் என்பதால் 2021-இன் தொடக்க மாதங்களை, ஏன் 2020-இன் கடைசியைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு முன்னதாக என்பது நடக்காது. "பழைய ஸ்டாக்" என்று விற்பவர் சொல்லும் சமாதானம் இங்கே அவருக்கு எதிராகவே திரும்புகிறது. போலிக்காரர் முதல் சொவாஜின் பெட்டியிலிருந்து எண்ணை எடுத்து எலிக்சிரில் அடித்துவிட்டார் என்பதே பொருத்தமான விளக்கம். கண்ணாடித்தாளின் அழகு இந்த ஒரு முரண்பாட்டை ஈடுகட்டாது.

இன்னொரு மோதல் பெட்டியின் பின்புறத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சென்ட்களில் பயன்பட்டுவந்த பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோபியோனால் என்ற மணப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் தடை செய்தது. வியாபாரத்தில் அதன் பெயர் லிலியால். ஐரோப்பியச் சந்தைக்கான பெட்டியில், எண்ணின்படி 2023-இல் தயாரான சென்ட்டின் உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் எண்ணோ பட்டியலோ பொய். போலிக்காரர்கள் பெட்டியை ஒருமுறை நகலெடுத்துப் பல ஆண்டு ஓட்டுவார்கள். எண்ணை மட்டும் புதுப்பிப்பார்கள். பட்டியல் பழசாகவே தங்கிவிடும்.

கண்ணாடித்தாளும் ஸ்டிக்கரும்

பெட்டியைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இயந்திரம் முனைகளில் கடித உறைபோல மடித்து, சூட்டால் ஒட்டும். மடிப்புகள் கூர்மையாக, இரு முனையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; ஒட்டிய இடம் குறுகிய நேர்ப்பட்டையாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருப்பது, பசைத் தடம் தெரிவது, மூலைகளில் சூட்டில் சுருங்கிய தாள் ஆகியவை மோசமானவை. ஆனால் மறுபடி சுற்றித் தரும் சிறு இயந்திரங்கள் சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. சில அசல் சென்ட்கள் தாளே இல்லாமல் வருகின்றன. டெஸ்டர் என்ற கடை மாதிரிகளும் அப்படியே. எனவே மோசமான தாள் சந்தேகத்தைக் கூட்டும். நல்ல தாள் எதையும் நிரூபிக்காது.

இந்தியக் கடைகளில் முறையாக விற்கப்படும் வெளிநாட்டு சென்ட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை போன்றவை கொண்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். துபாயிலிருந்து உறவினர் வாங்கி வந்ததில், விமான நிலையக் கடையில் வாங்கியதில் அது இருக்காது. "கடையில் வாங்கியது, பில் இருக்கிறது" என்று சொல்பவரின் படத்தில் ஸ்டிக்கர் இல்லாததுதான் கேள்விக்குரியது.

படத்தால் எட்ட முடியாத இடம்

ஒப்பிடும் அசல் எது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனங்கள் ஸ்ப்ரேயை மாற்றும், எழுத்தின் தடிமனை மாற்றும், பெட்டியின் தாளை மாற்றும். 2016 பாட்டிலை 2023 பாட்டிலோடு வைத்துப் பார்த்து வித்தியாசத்தைச் சுட்டினால், நேர்மையாக விற்பவர் மாட்டிக்கொள்வார். ஒப்பீட்டுக்கு எடுக்கும் அசல் அதே ஆண்டு, அதே அளவு, அதே வகையாக இருக்க வேண்டும். விற்பவரின் படமும் அவர் எடுத்ததாக இருக்க வேண்டும்: பாட்டிலோடு ஒரு தாளில் அன்றைய தேதியை எழுதி வைத்து எடுத்தது, வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பியது. படமாக அனுப்பினால் சுருங்கி, பொத்தானின் துளையும் பேட்ச் எண்ணும் குழம்பிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே இருப்பது போலியாக இருக்கலாம். காலியான அசல் பாட்டில்களை விலைக்கு வாங்கி, மலிவான திரவத்தை நிரப்பி விற்கும் வழக்கம் உண்டு. அங்கே கண்ணாடி அசல், ஸ்ப்ரே அசல், எண்ணும் அசல். படத்தில் மிஞ்சும் முக்கியத் தடயம் அந்த அலுமினிய வளையம். மடக்கிய வளையத்தைச் சேதமில்லாமல் கழற்றுவது கடினம். குறடு பிடித்த கீறல், விளிம்பில் நெளிவு, பழைய வளையத்துக்குப் பதில் வைத்த வேறு பளபளப்புள்ள வளையம் ஆகியவை நெருக்கத்தில் எடுத்த படத்தில் சிக்கும். திரவத்தின் நிறம் அசலோடு ஒத்துப்போகாததும், பயன்படுத்தியது என்று சொல்லப்படும் பாட்டிலில் மட்டம் தோள்வரை நிறைந்திருப்பதும் கூடுதல் சந்தேகம். நிரப்பிப் பயன்படுத்தவே வடிவமைத்த பாட்டில்களில் இந்தத் தடயமும் கிடைக்காது. முக்லர் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த ஏஞ்சலின் நட்சத்திர பாட்டில் அந்த வகை. சொவாஜிலும் நிரப்பக்கூடிய பாட்டில்கள் பிறகு வந்தன. அவற்றின் ஸ்ப்ரே திருகிக் கழற்றும்படியே செய்யப்பட்டது. திருகு இருப்பது போலிக்கு அடையாளம் ஆகாது, உள்ளே இருப்பது எது என்பதற்கும் சாட்சி சொல்லாது.